அபிசீனியாவுக்கு முதல் ஹிஜ்ரத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நபிவரலாற்றை மற்றவர்களோடு சேர்ந்து படித்துவரும் எனக்கு, மக்காவில் ஆதிக்கம் செலுத்திய குறைஷிக் குலத்தாரின் கொடுமையால் அங்கிருந்து கடல் கடந்து சென்ற முஸ்லிம்களின் பகுதி வரும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வந்து சேர்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தச் செய்தி எந்த நூலில், யார் வாய்மொழியாக வருகிறது என்பதைப் பிரித்துச் சொல்வதில் கூடுதல் கவனம் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழப்பங்கள் பல அறிவிப்புகளை ஒரே கதையாக ஒட்டிவிடுவதால்தான் உண்டாகின்றன.

அபிசீனியா, ஹபஷா, எத்தியோப்பியா என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே நாடா? நஜ்ஜாஷி என்பது மன்னரின் பெயரா?

அரபு நூல்கள் ஹபஷா என்று சொல்லும் நாட்டையே பழைய தமிழ் நூல்கள் அபிசீனியா என்று எழுதின. அந்தக் காலத்தில் அங்கே இருந்தது அக்சும் பேரரசு. அதன் தலைநகரான அக்சும் இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கே திக்ரே பகுதியிலும், அதன் புகழ்பெற்ற துறைமுகமான அதூலிஸ் இன்றைய எரித்திரியாவின் கடற்கரையிலும் இருக்கின்றன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எசானா என்ற மன்னர் காலத்திலேயே அரச குடும்பம் கிறிஸ்தவத்தை ஏற்றுவிட்டது. அவருடைய நாணயங்களில் முதலில் பிறையும் வட்டமும் இருந்த இடத்தில் பிறகு சிலுவை வருவதைக் கொண்டு இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே முஸ்லிம்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது அது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தவ அரசாக இருந்த நாடு.

நஜ்ஜாஷி என்பது பட்டப்பெயர். அரசர் என்று பொருள்படும் 'நெகுஸ்' என்ற அந்நாட்டுச் சொல்லின் அரபு வடிவம் அது. முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்த மன்னரின் பெயர் அஸ்ஹமா என்று புகாரியில் உள்ள ஹதீஸ் சொல்கிறது. பட்டத்துக்கும் பெயருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

அடைக்கலம் தேடுவதற்கு அரேபியாவுக்குள்ளேயே இடம் கிடைக்கவில்லையா? கடல் தாண்டிப் போக வேண்டிய அவசியம் என்ன?

ஆரம்பகால நபிவரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக்கின் நூலில் நபிகள் நாயகம் தம் தோழர்களிடம், அந்த நாட்டில் ஒரு மன்னர் இருக்கிறார், அவரிடத்தில் யாரும் அநீதி இழைக்கப்படுவதில்லை, அது உண்மையின் பூமி என்று சொன்னதாக வருகிறது. இதற்குப் பின்னால் நடைமுறைக் காரணமும் இருந்தது. நபித்தோழர் ஸுபைரின் மகன் உர்வா, உமய்யா கலீஃபா அப்துல் மலிக்குக்கு எழுதிய கடிதத்தைத் தபரி தம் வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார். அதில் உர்வா, அபிசீனியா குறைஷியர் வணிகம் செய்துவந்த சந்தை என்றும், அங்கே அவர்களுக்குத் தாராளமான வாழ்வாதாரமும் பாதுகாப்பும் நல்ல வியாபாரமும் கிடைத்துவந்தன என்றும் எழுதுகிறார். எனவே முன்பின் தெரியாத ஒரு தேசத்தைத் தேடி அவர்கள் போகவில்லை, தங்கள் ஊர் வணிகர்கள் வழக்கமாகப் போய்வந்த துறைக்கே போனார்கள்.

அரேபியாவின் மற்ற குலத்தாரோ கஅபாவின் பொருட்டும் சந்தைகளின் பொருட்டும் மக்காவோடு பிணைந்திருந்தவர்கள். குறைஷியரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடம் தர யாரும் எளிதில் முன்வந்திருக்க மாட்டார்கள். யமனும் அதற்குள் பாரசீகர் ஆதிக்கத்தில் போய்விட்டது. கடலுக்கு அப்பால் இருந்த மன்னருக்குத்தான் குறைஷியருக்குப் பயப்பட வேண்டிய தேவை இல்லை.

போனவர்கள் 15 பேர் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன், 83 என்று இன்னொன்றில் இருக்கிறது. எது சரி?

இரண்டும் வெவ்வேறு எண்ணிக்கைகள். வரலாற்றாசிரியர் வாகிதி வழியாக அவர் மாணவர் இப்னு ஸஅத் தரும் செய்தியின்படி நபித்துவத்தின் 5ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில், அதாவது ஏறத்தாழ கி.பி. 615இல், 11 ஆண்களும் 4 பெண்களும் மறைவாகக் கிளம்பினார்கள். சிலர் வாகனத்திலும் சிலர் நடந்தும் ஷுஐபா என்ற துறைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் இரண்டு வணிகக் கப்பல்கள் அங்கே வந்தன. அரை தீனார் கூலிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டன. பின்தொடர்ந்து வந்த குறைஷியர் கரையை அடைந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. அன்றைய மக்காவின் துறை ஷுஐபாதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஜித்தா அந்த இடத்தைப் பெற்றது பிற்பாடு.

83 என்பது முன்னும் பின்னுமாகச் சென்ற ஆண்கள் அனைவரையும் சேர்த்து இப்னு இஸ்ஹாக் தரும் மொத்தக் கணக்கு. கூட்டிச்சென்ற சிறு பிள்ளைகளும் அங்கே பிறந்தவர்களும் அதில் சேரவில்லை. "அம்மார் இப்னு யாஸிரும் அவர்களில் இருந்திருந்தால்" என்று ஒரு நிபந்தனையையும் அவரே சேர்க்கிறார், ஏனென்றால் அம்மார் போனாரா என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது. குலம் குலமாகப் பெயர்களை அடுக்கி எண்ணிய ஒருவர், ஒரே ஒரு பெயரில் உறுதி இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருப்பது அந்தப் பட்டியலின் மீது எனக்குள்ள நம்பிக்கையைக் கூட்டுகிறது.

பிலாலைப் போன்ற அடிமைகள்தானே அதிகம் வதைக்கப்பட்டார்கள்? அவர்கள் பெயர் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை?

இது கூர்மையான கேள்வி. முதல் பட்டியலைப் பாருங்கள்: உஸ்மான் இப்னு அஃப்பானும் அவர் மனைவியும் நபிகளாரின் மகளுமான ருகையாவும், ஸுபைர், முஸ்அப் இப்னு உமைர், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், அபூ ஸலமாவும் அவர் மனைவி உம்மு ஸலமாவும். பெரும்பாலோர் வசதியும் குலப்பெருமையும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள். அடிமையாக இருந்தவருக்கு எசமானனை விட்டுக் கிளம்பும் வழியே கிடையாது. சுதந்திரமானவருக்கோ கொடுமை சொந்த வீட்டிலிருந்தே வந்தது. தகப்பனும் சிற்றப்பனும் கட்டிவைத்துப் பட்டினி போட்டால் குலத்தின் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? உர்வாவின் கடிதமும் குறைஷியர் தங்கள் மகன்களையும் சகோதரர்களையும் மார்க்கத்திலிருந்து திருப்ப முயன்றதையே காரணமாகக் காட்டுகிறது.

அதனாலேயே இவர்கள் போனது மக்காவின் பெரிய வீடுகளை உலுக்கியது. அதே பட்டியலில் உள்ள அபூ ஹுதைஃபாவின் தகப்பன் உத்பாவும், அவர் மனைவி ஸஹ்லாவின் தகப்பன் ஸுஹைலும் குறைஷித் தலைவர்கள்.

சென்றவர்கள் சில மாதங்களிலேயே திரும்பிவிட்டார்களாமே, ஏன்?

ரஜபில் போனவர்களில் ஒரு பகுதியினர் அதே ஆண்டு ஷவ்வாலில் திரும்பினார்கள் என்பது வாகிதியின் செய்தி. மக்காவாசிகள் இஸ்லாத்தை ஏற்றுவிட்டார்கள் என்று அங்கே ஒரு வதந்தி பரவியதே காரணம். ஊரை நெருங்கியபோதுதான் அது பொய் என்று தெரிந்தது. ஒருவருடைய அடைக்கலத்தைப் பெற்றுக்கொண்டோ மறைவாகவோதான் அவர்களால் மக்காவுக்குள் நுழைய முடிந்தது.

வதந்தி எப்படிப் பிறந்தது என்பதில்தான் சர்ச்சை. நபிகளார் குர்ஆனின் நஜ்ம் அத்தியாயத்தை ஓதி ஸஜ்தா செய்தபோது அங்கிருந்த முஸ்லிம்களோடு இணைவைப்பாளர்களும் ஸஜ்தா செய்தார்கள் என்று புகாரியில் உள்ளது. அந்த ஹதீஸ் அதோடு நின்றுவிடுகிறது. தபரியிலும் வேறு சில நூல்களிலும் குறைஷியரின் பெண் தெய்வங்களைப் புகழும் சொற்கள் அப்போது ஓதப்பட்டதாகவும் பிறகு அவை நீக்கப்பட்டதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர்கள் நபித்தோழர் வரை முறையாகச் சென்று சேரவில்லை என்று சொல்லி ஹதீஸ் அறிஞர்களில் மிகப் பலர் அதை மறுத்திருக்கிறார்கள். இப்னு ஹஜரைப் போன்ற சிலர் பல வழிகளில் வருவதால் ஏதோ ஓர் அடிப்படை இருக்கலாம் என்று கருதினார்கள். புகாரியின் செய்தியையும் இந்த அறிவிப்பையும் ஒன்றாகக் கலந்து சொல்லாமல் இருப்பதே நேர்மை.

மன்னரின் சபையில் நடந்ததை யார் பார்த்துச் சொன்னார்கள்? நேரில் இருந்தவர் யாராவது இதைச் சொல்லியிருக்கிறாரா?

சொல்லியிருக்கிறார், அவர் உம்மு ஸலமா. முதல் கப்பலில் போனவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு கணவரை இழந்து நபிகளாரின் மனைவியானவர். அவரிடமிருந்து அபூ பக்ர் இப்னு அப்துர் ரஹ்மான், அவரிடமிருந்து ஸுஹ்ரி, அவரிடமிருந்து இப்னு இஸ்ஹாக் என்று அந்த நீண்ட அறிவிப்பு நம் கைக்கு வருகிறது. அஹ்மதின் முஸ்னதிலும் அது இடம்பெற்றிருக்கிறது. இப்னு இஸ்ஹாக் இறந்தது ஏறத்தாழ கி.பி. 767இல். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தாலும், நடுவில் இருப்பது மூன்றே பெயர்கள். நாம் இன்று சொல்லும் அபிசீனியக் கதையின் உடல் முழுவதும் ஏறக்குறைய இந்த ஒரு பெண்மணியின் நினைவுதான்.

அப்படியானால் உம்மு ஸலமா என்னதான் சொல்கிறார்?

"நஜ்ஜாஷி எங்களுக்குச் சிறந்த அண்டைவீட்டாராக இருந்தார்" என்ற கருத்தோடு அவர் தொடங்குகிறார். நிம்மதியாக வணங்கினோம், மனம் நோகும் ஒரு சொல்லையும் கேட்கவில்லை என்கிறார். இதை அறிந்த குறைஷியர் அம்ர் இப்னுல் ஆஸையும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவையும் அனுப்பினார்கள். மக்காவிலிருந்து அந்நாட்டார் மிகவும் விரும்பியது பதனிட்ட தோல் என்பதால் அதைத் திரட்டி, ஒரு தளபதியையும் விடாமல் எல்லோருக்கும் தனித்தனியே அன்பளிப்பு கொடுத்தார்கள். இந்த விவேகமற்ற இளைஞர்கள் தங்கள் மார்க்கத்தையும் விட்டு உங்கள் மார்க்கத்துக்கும் வராதவர்கள், மன்னர் இவர்களோடு பேசுவதற்கு முன்பே எங்களிடம் ஒப்படைக்கும்படி நீங்கள் அறிவுரை சொல்லுங்கள் என்பதே அவர்கள் தளபதிகளிடம் வைத்த வேண்டுகோள். முஸ்லிம்களைப் பேசவிடாமல் தடுப்பதுதான் அவர்களுடைய திட்டத்தின் உயிர்நாடி.

மன்னர் அதற்கு இணங்கவில்லை. என்னிடம் தஞ்சம் புகுந்தவர்களைக் கேட்டறியாமல் தர மாட்டேன் என்று கோபப்பட்டு, தம் பாதிரியார்களையும் வேதப் பிரதிகளோடு வரவழைத்தார். அபூ தாலிபின் மகன் ஜஅஃபர், தாங்கள் சிலைகளை வணங்கி, உறவுகளை முறித்து, பலவானவன் எளியவனைத் தின்ற வாழ்க்கையையும், தூதர் வந்து அதை மாற்றியதையும் எடுத்துச் சொன்னார். அவர் கொண்டுவந்ததில் ஏதாவது உம்மிடம் உண்டா என்று மன்னர் கேட்க, மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார். தாடி நனைய மன்னர் அழுதார், முன்னால் விரித்திருந்த ஏடுகள் நனையப் பாதிரியார்களும் அழுதார்கள் என்கிறார் உம்மு ஸலமா.

மறுநாள்தான் உண்மையான ஆபத்து வந்தது. மர்யமின் மகன் ஈஸாவைப் பற்றி இவர்கள் மிகப் பெரிய வார்த்தை சொல்கிறார்கள் என்று அம்ர் மன்னரிடம் மூட்டிவிட்டார். இதைப் போன்ற நெருக்கடி எங்களுக்கு வந்ததே இல்லை என்று உம்மு ஸலமா சொல்கிறார். என்ன நேர்ந்தாலும் இறைவன் சொன்னதையே சொல்வோம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். ஈஸா இறைவனின் அடியார், அவனுடைய தூதர், அவனிடமிருந்து வந்த ஆன்மா, கன்னி மர்யமிடம் அவன் இட்ட வார்த்தை என்று ஜஅஃபர் பதில் சொன்னதும், மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீர் சொன்னதற்கும் ஈஸாவுக்கும் இந்தக் குச்சியளவுகூட வித்தியாசம் இல்லை என்றார். தளபதிகள் மூக்கால் சீறினார்கள். "நீங்கள் சீறினாலும் சரியே" என்று சொல்லிவிட்டு அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜஅஃபரின் உரையில் நோன்பும் ஸகாத்தும் வருகின்றனவே. ரமளான் நோன்பு மதீனாவில்தானே கடமையானது? அப்படியென்றால் உரை பிற்காலத்தில் எழுதப்பட்டதா?

ரமளான் நோன்பு கடமையானது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் என்பது சரி. ஸகாத்தின் விரிவான சட்டங்களும் மதீனாவில் வந்தவையே. இதற்கு அறிஞர்கள் தரும் ஒரு விளக்கம், மக்காவிலேயே பொதுவான தர்மமும் விருப்ப நோன்பும் இருந்தன, உரை அவற்றைக் குறிக்கிறது என்பது. எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது வேறு. உம்மு ஸலமாவின் கதையிலேயே, அந்த உரையின் நடுவில், "இஸ்லாத்தின் காரியங்களை அவரிடம் எண்ணிச் சொன்னார்" என்று ஒரு வரி வருகிறது. அதாவது சொன்னவர் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கவில்லை, சுருக்கித் தருகிறார். சுருக்கும்போது பிற்காலத்தில் எல்லோர் நாவிலும் பழகிப்போன பட்டியல் உள்ளே வந்துவிடுவது இயல்பு. அந்தச் சொற்களை வைத்து முழு நிகழ்ச்சியையும் கற்பனை என்று தள்ளுவது அவசரம், ஒவ்வொரு சொல்லும் அப்படியே பேசப்பட்டது என்று வாதிடுவதும் தேவையற்றது.

பழமைக்கு ஆதரவான ஒரு சிறு சான்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. மன்னர் அவர்களிடம் "நீங்கள் என் மண்ணில் ஷுயூம்" என்றும், உங்களில் ஒருவரைத் துன்புறுத்தி ஒரு 'தப்ர்' அளவு தங்கம் கிடைத்தாலும் விரும்ப மாட்டேன் என்றும் சொல்கிறார். ஷுயூம் என்றால் அச்சமற்றவர்கள், தப்ர் என்றால் அபிசீனியர் மொழியில் மலை என்று அறிவிப்பாளர்களே பொருள் சொல்கிறார்கள். பண்டைய எத்தியோப்பிய மொழியான கீஸில் தப்ர் என்பது உண்மையிலேயே மலைதான். அரபுக் கேட்போருக்கு விளங்காத ஒரு சொல்லைப் பொருளுரையோடு கடத்தியிருப்பது, அங்கே வாழ்ந்த ஒருவரின் காதில் விழுந்த பேச்சு இது என்று எண்ண வைக்கிறது.

அபூ மூஸா அல்அஷ்அரியும் அந்தச் சபையில் இருந்தாரா? சிலர் ஆம் என்கிறார்கள், சிலர் அவர் யமனிலிருந்து வந்தவர் என்கிறார்கள்.

இப்னு மஸ்ஊத் சொன்னதாக முஸ்னதில் வரும் இன்னோர் அறிவிப்பில், குறைஷித் தூதர்களாக வந்தவர்கள் அம்ரும் உமாரா இப்னுல் வலீதும். மக்காவிலிருந்து சென்ற ஏறத்தாழ 80 பேரில் அபூ மூஸாவின் பெயரும் அதில் உண்டு. ஆனால் புகாரியில் அபூ மூஸாவே பேசுகிறார்: நபிகளார் மதீனாவுக்குச் சென்ற செய்தி தங்களை யமனில் எட்டியது, தம் மக்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோருடன் கப்பலேறினார்கள், கப்பல் அவர்களை நஜ்ஜாஷியின் நாட்டில் கொண்டுபோய் விட்டது, அங்கே ஜஅஃபரைச் சந்தித்து அவரோடு தங்கினார்கள். தம்மைப் பற்றித் தாமே சொல்லும் செய்தியை எடுத்துக்கொள்வதே முறை. அதன்படி சபையில் நடந்த வாதத்தின்போது அவர் அங்கே இல்லை. பிற்காலத்தில் அபிசீனியாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே கூட்டமாக நினைவில் நின்றதால் பெயர் முந்திய பட்டியலில் ஏறியிருக்க வேண்டும்.

நஜ்ஜாஷி முஸ்லிமாகிவிட்டாரா?

முஸ்லிம் மூலங்கள் ஆம் என்கின்றன. அதற்கு மிக வலுவான ஆதாரம், அவர் இறந்த அன்றே நபிகளார் அதை அறிவித்து, தோழர்களை அணிவகுக்கச் செய்து, நான்கு தக்பீர்களுடன் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ்தான். அது ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு. அதே சமயம் நாடு கிறிஸ்தவ நாடாகவே தொடர்ந்தது. மன்னர் தம் நம்பிக்கையை ஓர் ஓலையில் எழுதி மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு, கலகம் செய்த மக்களுக்கு இருபொருள்படப் பதில் சொன்னதாக இப்னு இஸ்ஹாக் தரும் செய்தி, அவரால் வெளிப்படையாக அறிவிக்க முடியவில்லை என்பதையே காட்டுகிறது.

நபிகளார் மன்னர்களுக்கு அனுப்பிய கடிதங்களில் நஜ்ஜாஷிக்கும் ஒன்று உண்டு அல்லவா? அது நபிகளார் ஜனாஸா தொழவைத்த நஜ்ஜாஷிக்கு எழுதப்பட்டது அல்ல என்று ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் தெளிவாகச் சொல்கிறார். முதல் பதிலில் சொன்ன பட்டப்பெயர் விவகாரம் இங்கேதான் முக்கியமாகிறது: ஒரே பட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மன்னர்கள் இருந்தார்கள், கதை சொல்பவர்கள் அவர்களை ஒருவராக்கிவிடுகிறார்கள்.

எத்தியோப்பியாவின் பக்கத்தில் இதற்குக் கல்வெட்டோ நாணயமோ உண்டா?

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும் சமகால அக்சும் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. நாம் வைத்திருப்பவை எல்லாம் அரபு மூலங்களே. நாணயங்கள் உண்டு: கடைசி அக்சும் நாணயங்களை வெளியிட்ட மன்னர்களில் ஆர்மாஹ் என்பவர் ஒருவர். இவரே நஜ்ஜாஷி என்று சிலரும், பெயர் ஒலிப்பை வைத்து வேறொரு மன்னரே அஸ்ஹமா என்று சிலரும் கருதுகிறார்கள். இது ஊகத்தின் அளவில்தான் நிற்கிறது.

திக்ரேயில் உள்ள நகாஷ் என்ற ஊரில் நஜ்ஜாஷியும் சில நபித்தோழர்களும் அடங்கியிருப்பதாக அவ்வூர் முஸ்லிம்கள் நம்பிப் போற்றும் தலமும் பள்ளிவாசலும் இருக்கின்றன. 2020இல் மூண்ட திக்ரே போரில் அவை சேதமடைந்தன. அது மதிக்கத்தக்க மரபு, தொல்லியல் சான்று அல்ல.

அங்கே போனவர்களில் யாராவது கிறிஸ்தவராக மாறினார்களா?

உபைதுல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் மாறி அங்கேயே இறந்தார் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அறிவிப்பின் தொடர் பலவீனம் என்று பிற்கால அறிஞர் சிலர் இதை ஏற்பதில்லை. அவர் மனைவி உம்மு ஹபீபா குறைஷித் தலைவர் அபூ ஸுஃப்யானின் மகள். அந்நிய நாட்டில் விதவையான அவரை நபிகளாருக்கு நஜ்ஜாஷி மணமுடித்து வைத்து மஹரையும் தாமே கொடுத்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. தொகையை இப்னு இஸ்ஹாக் 400 தீனார் என்கிறார், அபூ தாவூதில் 4000 திர்ஹம் என்று வருகிறது.

கி.பி. 622இல் மதீனா கிடைத்துவிட்டதே. அதற்குப் பிறகும் ஜஅஃபர் ஏன் ஆறு வருடம் அங்கேயே இருந்தார்?

மூலங்கள் நேரடியான காரணம் எதையும் சொல்லவில்லை. வணிகத்துக்காக என்றும் கருத்து வேறுபாட்டால் என்றும் இக்கால ஆய்வாளர்கள் சொன்னவை ஊகங்களே. பத்ர், உஹுத், அகழ் என்று அடுத்தடுத்த போர்களால் மதீனாவே தாங்குமா என்ற நிலை இருந்த காலம் அது. குறைஷியரோடு செய்துகொண்ட ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பிறகு நபிகளார் அம்ர் இப்னு உமய்யாவை அனுப்பி அவர்களை அழைத்துக்கொண்டார்கள் என்ற வரிசையைப் பார்த்தால், ஆபத்து தணிந்ததும் அழைப்பு போனது என்று கொள்ள இடமுண்டு. இரண்டு கப்பல்களில் வந்தவர்கள் கி.பி. 628இல் கைபர் வெற்றியின்போது சேர்ந்தார்கள். கைபரின் வெற்றியா ஜஅஃபரின் வருகையா, எதற்காக நான் அதிகம் மகிழ்வது என்று நபிகளார் சொன்னதாக இப்னு ஹிஷாம் எழுதுகிறார்.

தாமதம் ஒரு குறையாகப் பார்க்கப்பட்டதா என்பதற்குப் புகாரியில் ஒரு காட்சி இருக்கிறது. ஜஅஃபரின் மனைவி அஸ்மா பின்த் உமைஸைப் பார்த்த உமர், ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம் என்றார். அஸ்மா கோபத்தோடு, நீங்கள் நபிகளாருடன் இருந்தீர்கள், உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், நாங்களோ தொலைவில் அந்நியர் மண்ணில் இறைவனுக்காகக் கிடந்தோம் என்று சொல்லி, நபிகளாரிடமே முறையிட்டார். அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பல்வாசிகளாகிய உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்று பதில் கிடைத்தது. அதன் பிறகு கப்பலில் வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தம்மிடம் வந்து அந்தச் சொல்லைக் கேட்டுப்போனார்கள் என்றும், அபூ மூஸா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார் என்றும் அஸ்மா சொல்கிறார்.